எண்ணாமல் அறிதல்: தலைமுடி, காலுறை, பிறந்த மாதம்

பதினேழாம் நூற்றாண்டுப் பிரான்சில் நடந்ததாக ஓர் உரையாடல் சொல்லப்பட்டு வருகிறது. போர்ட்-ராயல் மடாலயத்தைச் சார்ந்த அறிஞர் பியேர் நிக்கோல், அம்மடாலயத்தின் புரவலரான லோங்வில் சீமாட்டியிடம் ஒரு செய்தியைச் சொன்னார். பாரிஸ் நகரில் வாழ்வோருள் குறைந்தது இருவருடைய தலையில் உள்ள முடிகளின் எண்ணிக்கை ஒன்றாகவே இருக்கும். அந்த இருவர் யார் என்பது தமக்குத் தெரியாது. ஆயினும் அப்படி இருவர் இருப்பது உறுதி என்றார். சீமாட்டி அதை ஏற்கவில்லை. முடிகளை எண்ணிப் பார்க்காமல் இதை எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பது அவருடைய மறுப்பு.

நிக்கோலின் விடை எளிமையானது. எவ்வளவு அடர்ந்த தலையிலும் 2,00,000 முடிகளுக்கு மேல் இல்லை என்று கொள்வோம். முடிகளின் எண்ணிக்கை ஒருவருக்கொருவர் வேறுபட வேண்டுமானால், 2,00,000 பேர் அளவில் அந்த வேறுபாடுகள் அனைத்தும் தீர்ந்துவிடும். அதற்கு மேல் ஒருவர் வந்தாலும் அவருடைய எண்ணிக்கை ஏற்கெனவே உள்ள ஒருவருடைய எண்ணிக்கையோடு பொருந்தியாக வேண்டும். பாரிஸில் ஏறத்தாழ 8,00,000 பேர் வாழ்கிறார்கள் என்று நிக்கோல் கணக்கிட்டார். ஆகவே எவருடைய தலையையும் தொடாமலே முடிவு கிடைத்துவிடுகிறது.

இருட்டறையில் காலுறை தேடும் புதிரும், 13 பேர் கூடிய இடத்தில் இருவரேனும் ஒரே மாதத்தில் பிறந்திருப்பர் என்னும் புதிரும் இந்த வாதத்தின் வழித்தோன்றல்களே. இன்று இதைப் புறாக்கூண்டுக் கொள்கை என்கிறோம். பொருள்களின் எண்ணிக்கை அறைகளின் எண்ணிக்கையைவிட மிகுதியானால், ஏதேனும் ஓர் அறையில் இரண்டு பொருள்களாவது இருக்கும். இதற்கான நிரூபணம் ஒரே வரியில் முடிந்துவிடும். ஒவ்வோர் அறையிலும் ஒன்றுக்கு மேல் இல்லையெனில், பொருள்களின் மொத்தம் அறைகளின் எண்ணிக்கையைத் தாண்டியிருக்க முடியாது. நிரூபணம் இவ்வளவு சிறியதாக இருந்தும், சீமாட்டி எழுப்பிய ஐயம் மட்டும் இந்த வாதத்தை நான்கு நூற்றாண்டுகளாகப் பின்தொடர்ந்து வருகிறது. இருக்கிறது என்று அறிவது ஒன்று. எது என்று காட்டுவது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையிலான தொலைவே இக்கொள்கையின் வரலாறு.

பெரும்பாலான பாடநூல்கள் இக்கொள்கையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஜெர்மன் கணித அறிஞர் டிரிக்லேயின் பெயரோடு இணைக்கின்றன. ஆனால் அச்சுச் சான்று அவருக்கு இரண்டு நூற்றாண்டுகள் முந்தையது. இயேசு சபைத் துறவியான ழான் லூரெஷோன் 1622இல் லத்தீன் மொழியில் வெளியிட்ட கணித முற்கோள்களின் தொகுப்பில், இரு மனிதர்களுக்கு முடிகளோ நாணயங்களோ பிறவோ சம எண்ணிக்கையில் இருந்தே தீர வேண்டும் என்னும் கருத்து இடம்பெற்றுள்ளது. 1624இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்த 'கணிதக் கேளிக்கைகள்' என்னும் பெயர்பெற்ற நூல் அதே செய்தியை விளக்கத்தோடு எடுத்துரைத்தது. அந்நூல் 1633இல் ஆங்கிலத்திலும் வந்தது. கணிதப் புலவர்களின் ஆய்வேடுகளில் இடம்பெறுவதற்கு முன்பே இந்த வாதம் பொழுதுபோக்கு நூலின் வழியாக மக்களிடம் சென்றுவிட்டது என்பது இதனால் தெளிவாகிறது.

நிக்கோலின் வாதத்தில் உள்ள வலுவையும் வலுவின்மையையும் பிரித்துப் பார்ப்பது பயன்தரும். அறைகள் என்பவை இங்கே முடிகளின் எண்ணிக்கைகள். முழு வழுக்கையையும் சேர்த்துக்கொண்டால் 0 முதல் 2,00,000 வரை 2,00,001 அறைகள் உண்டு. இந்தக் கூடுதல் ஒன்றை மறப்பதே இவ்வகைக் கணக்குகளில் மிகுதியாக நேரும் பிழை. அப்படியாயின் உறுதி பெறுவதற்கு 2,00,002 பேர் வேண்டும். பாரிஸின் மக்கள்தொகை இதைவிடப் பன்மடங்கு பெரிது என்பதால் முடிவு ஆட்டம் காண்பதில்லை. நகரில் 5,00,000 பேர்தான் என்று குறைத்துக் கொண்டாலும், ஓர் அறைக்கு இருவர் வீதம் 4,00,002 பேரைத்தான் அடக்க முடியும்; ஆகவே ஒரே எண்ணிக்கை உடைய மூவர் அங்கே இருந்தாக வேண்டும். தர்க்கத்தில் இடைவெளி ஏதுமில்லை. ஆனால் 2,00,000 என்னும் உச்சவரம்பு தர்க்கத்திலிருந்து பிறந்ததன்று. உலகைப் பார்த்துப் பெற்றது. சீமாட்டி கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுவே: அந்த வரம்பு எங்கிருந்து வந்தது? மக்களை எண்ண வேண்டியதில்லை. ஆனால் அறைகளின் எண்ணிக்கைக்கு எவரேனும் பொறுப்பேற்க வேண்டும்.

டிரிக்லேயின் பெயர் இக்கொள்கையோடு ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் வேறு. அறைகள் தாமாக அமைந்திராத இடத்தில் அறைகளை உருவாக்கிக்கொள்ளலாம் என்று அவர் காட்டினார். பெர்லின் அறிவியற் கழகத்தில் 1842இல் வெளிவந்த கட்டுரையில், விகிதமுறா எண்களைப் பின்னங்களால் தோராயப்படுத்தும் சிக்கலுக்கு இவ்வாதத்தைப் பயன்படுத்தினார். ஓர் எண்ணுக்கு மட்டும் தோராயம் காணத் தொடர் பின்னங்கள் முன்பே உதவின. பல எண்களுக்கு ஒருங்கே தோராயம் காண வேண்டிய இடத்தில் அவ்வழி எளிதில் நீளவில்லை. அறைகளின் வாதம் நீண்டது.

அதன் மிக எளிய வடிவத்தை √2 கொண்டு பார்க்கலாம். √2ஐ 0, 1, 2, 3, 4, 5 ஆகியவற்றால் பெருக்கி, கிடைக்கும் முழு எண் பகுதியை நீக்கித் தசமப் பகுதியை மட்டும் வைத்துக்கொள்வோம். முறையே 0, 0.4142, 0.8284, 0.2426, 0.6569, 0.0711 என்னும் ஆறு எண்கள் கிடைக்கும். 0 முதல் 1 வரையிலான நீளத்தை 0.2 அளவுள்ள ஐந்து இழுப்பறைகளாகப் பிரிப்போம். முதல் எண் முதலாம் அறைக்கும், அடுத்தவை மூன்றாம், ஐந்தாம், இரண்டாம், நான்காம் அறைகளுக்கும் செல்கின்றன. ஐந்து எண்களும் ஐந்து அறைகளை நிரப்பிவிட்டன. ஆறாவது எண்ணுக்குத் தனி அறை இல்லை, 0.0711 முதலாம் அறையில் 0 உடன் சேர்கிறது. ஒரே அறையில் உள்ள இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு 0.2க்குக் குறைவாகத்தான் இருக்கும். அதாவது 5√2 என்பது 7 என்னும் முழு எண்ணை ஒட்டி நிற்கிறது; ஆகவே 7/5 என்பது √2க்கு ஒரு நல்ல தோராயம். ஐந்துக்கு மாறாக ஐயாயிரம் இழுப்பறைகளை அமைத்தாலும் இதே வாதம் செல்லும். எந்த இரண்டு எண்கள் சேரும் என்று முன்கூட்டித் தெரியாது. சேரும் என்பது மட்டும் தெரியும். நிக்கோல் சொன்னதும் இதுவே.

இக்கொள்கையின் பெயர் மொழிக்கு மொழி மாறியதிலும் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. ஜெர்மன் மொழியும் பிரெஞ்சு மொழியும் இதை இழுப்பறைக் கொள்கை என்றே வழங்குகின்றன. ரஷ்ய மொழியில் இது டிரிக்லே கொள்கை. எடுத்துக்காட்டாக வருபவை பெரும்பாலும் கூண்டுகளில் அடைக்கப்படும் முயல்கள். ஆங்கிலப் பெயரில் உள்ள புறாப்பொந்து, பறவை வாழும் இடத்தைச் சுட்டிய சொல்லாகத் தொடங்கி, கடிதங்களையும் தாள்களையும் பிரித்து வைக்கும் சிறு அறைகளுக்கு ஆகிவந்தது. கணிதப் பெயரில் பறவையைவிடத் தபால் பிரிக்கும் அலமாரியே பொருத்தமானது. தமிழில் புறாக்கூண்டு என்று வந்தபோது பறவை நிலைத்தது, அலமாரி மறைந்தது. தமிழிலேயே மாடம் என்னும் சொல் இரண்டையும் தாங்கக்கூடியது: மாடப்புறா தங்குவதும் மாடம், விளக்கும் சிறு பொருள்களும் வைக்கச் சுவரில் விடப்படும் குழியும் மாடம். இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. புறா தானே பறந்து சென்று கூண்டைத் தேர்ந்துகொள்கிறது. அலமாரியிலோ, எத்தனை அறைகள் வேண்டும், எது எதற்கு உரியது என்று தீர்மானிப்பவர் மனிதர். இக்கொள்கையில் சிந்தனை தேவைப்படும் ஒரே இடம் அந்தத் தீர்மானம்தான்.

இருபதாம் நூற்றாண்டின் புதிர் நூல்களில் பரவிய காலுறைப் புதிர் இதனை நன்கு காட்டும். மார்ட்டின் கார்ட்னர் 1961இல் வெளியிட்ட தொகுப்பில் உள்ள வடிவம் இது: ஓர் இழுப்பறையில் 10 சிவப்புக் காலுறைகளும் 10 நீலக் காலுறைகளும் கலந்து கிடக்கின்றன, அறை இருண்டிருக்கிறது, ஒரே நிற இணை ஒன்று உறுதியாகக் கிடைக்கக் குறைந்தது எத்தனை எடுக்க வேண்டும்? விடை 3. இங்கே அறைகள் நிறங்கள், அவை இரண்டு, மூன்றாவது காலுறை ஏதேனும் ஒரு நிறத்தோடு சேர்ந்தே ஆக வேண்டும். காலுறைகளின் எண்ணிக்கையான 20க்கு இந்த விடையில் எந்தப் பங்கும் இல்லை. இழுப்பறையில் ஆயிரம் காலுறைகள் இருப்பினும் விடை 3தான்.

பலர் இக்கேள்விக்கு 11 அல்லது 12 என்று விடை சொல்வதுண்டு. அவை பிழையான கணக்குகள் அல்ல. வேறு கேள்விகளுக்கான சரியான விடைகள். இரு நிறங்களிலும் ஒவ்வொன்றாவது கிடைக்க வேண்டும் என்றால், முதல் பத்தும் ஒரே நிறமாக வந்துவிடக்கூடும் என்பதால் 11 எடுக்க வேண்டும். குறிப்பாகச் சிவப்பு இணைதான் வேண்டும் என்றால், பத்து நீலமும் முதலில் வந்துவிடும் நிலையையும் தாங்கி, அதற்கு மேல் இரண்டு, ஆக 12 எடுக்க வேண்டும். 'ஏதேனும் ஓர் இணை' என்பது 'இந்த இணை' என்று மாறியவுடன் 3 என்பது 12 ஆகிவிடுகிறது. காலுறைகளுக்குப் பதிலாகக் கையுறைகள் என்றால் நிலைமை மீண்டும் மாறும். ஒரே நிறத்தில் 10 இணைக் கையுறைகள் இருந்தால், முதல் பத்தும் இடக்கைக்கு உரியவையாக வந்துவிடலாம். ஆகவே 11 எடுத்தால்தான் அணியத்தக்க ஓர் இணை கிடைக்கும். ஒரே அறையில் விழுவதால் இணையாவது காலுறை. வெவ்வேறு அறைகளில் விழுவதால் இணையாவது கையுறை. புதிரின் சொற்களைக் கவனியாமல் சூத்திரத்தைப் பொருத்துவோர் இவ்விடத்தில்தான் தவறுகின்றனர்.

பிறந்த மாதப் புதிரில் அதே வேறுபாடு இன்னும் கூர்மையடைகிறது. மாதங்கள் 12; ஆகவே 13 பேர் கூடினால் ஏதோ இருவர் ஒரே மாதத்தினர். ஆனால் அக்கூட்டத்தில் உள்ள ஒருவர், தம் மாதத்தில் பிறந்த இன்னொருவர் இருப்பது உறுதியாக வேண்டுமென்று விரும்பினால் எத்தனை பேரைச் சேர்க்க வேண்டும்? அதற்கு எந்த எண்ணும் போதாது. அவர் ஆனி மாதத்தில் பிறந்தவர் என்றால், மற்ற ஆயிரம் பேரும் வேறு மாதங்களில் பிறந்திருப்பதற்குத் தர்க்கத்தில் எந்தத் தடையும் இல்லை. காலுறைப் புதிரில் நீலம் பத்தோடு தீர்ந்துவிடும் என்பதால் 12 என்ற விடை கிடைத்தது. மக்களில் அப்படி ஒரு வரம்பு இல்லை. கொள்கை ஓர் இணைக்கு உறுதி அளிக்கிறது. அந்த இணையில் எவரும் தமக்கு இடம் கோர முடியாது.

உறுதிக்கும் நிகழ்தகவுக்கும் உள்ள வேறுபாட்டையும் இதே கூட்டத்தில் காணலாம். பன்னிரண்டு மாதங்களும் சம வாய்ப்புடையவை என்று கொண்டால், ஐவர் மட்டும் கூடிய இடத்திலேயே இருவருக்கு ஒரே மாதம் அமைவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 62 விழுக்காடு. ஐவரும் வெவ்வேறு மாதத்தினராக அமையும் வழிகள் 12×11×10×9×8 = 95,040; மொத்த வழிகள் 2,48,832; மீதமே ஒத்துப்போகும் வாய்ப்பு. ஆகவே பெரும்பாலான கூட்டங்களில் 13 பேருக்கு வெகு முன்பே இணை தோன்றிவிடும். ஆயினும் 62 விழுக்காடு என்னும் எண் ஓர் எடுகோளின் மேல் நிற்கிறது. பிறப்புகள் மாதங்களில் சமமாகப் பரவியிருக்கின்றனவா, அக்கூட்டத்தில் இரட்டையர் உண்டா என்பவற்றைப் பொறுத்து அது மாறும். 13 என்னும் எண்ணோ எதையும் பொறுத்து மாறாது. பரவல் எப்படி இருப்பினும் அது செல்லும். அந்த உறுதிக்குக் கொடுக்கும் விலையே ஐந்துக்கும் பதின்மூன்றுக்கும் இடையிலான எட்டுப் பேர்.

அறைகளை எப்படி அமைப்பது என்னும் கேள்விக்கு இந்திய நாட்காட்டியிலேயே ஒரு நல்ல பயிற்சி உண்டு. மேகநாத் சாகா தலைமையிலான நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவின் பரிந்துரைப்படி, இந்திய அரசு சக ஆண்டை அடிப்படையாகக் கொண்ட தேசிய நாட்காட்டியை 1957 மார்ச் 22 முதல் நடைமுறைப்படுத்தியது. அதிலும் சைத்ரம் முதல் பால்குனம் வரை 12 மாதங்கள். இனிக் கேள்வி: ஒரு கூட்டத்தில் ஏதேனும் இருவர் ஆங்கில மாதத்தாலும் தேசிய நாட்காட்டியின் மாதத்தாலும் ஒருங்கே ஒத்திருப்பது உறுதியாக எத்தனை பேர் வேண்டும்?

முதற்பார்வையில் 12ஐ 12ஆல் பெருக்கி 144 அறைகள் என்றும், ஆகவே 145 பேர் வேண்டும் என்றும் தோன்றும். 145 பேர் இருந்தால் முடிவு உறுதி என்பதில் பிழை இல்லை. ஆனால் அந்த 144 அறைகளில் பெரும்பாலானவை என்றுமே நிரம்பாதவை. ஜூன் மாதத்தில் பிறந்த எவரும் மாக மாதத்தினராக இருக்க முடியாது. தேசிய நாட்காட்டியின் ஒவ்வொரு மாதமும் ஆங்கில மாதத்தின் 20க்கும் 23க்கும் இடைப்பட்ட ஒரு நாளில் தொடங்குகிறது. ஆகவே ஒவ்வோர் ஆங்கில மாதமும் சரியாக ஒரே இடத்தில் இரண்டாக வெட்டப்படுகிறது. ஜனவரியின் முற்பகுதி பௌஷம், பிற்பகுதி மாகம்; பிப்ரவரியின் முற்பகுதி மாகம், பிற்பகுதி பால்குனம்; இப்படியே செல்கிறது. உண்மையில் உள்ள அறைகள் 24 மட்டுமே. எனவே 25 பேர் போதும். அதனினும் குறைக்க முடியாது. அறைக்கு ஒருவராக 24 பேரைத் தேர்ந்தால் எந்த இருவரும் ஒத்துவர மாட்டார்கள். 145க்கும் 25க்கும் உள்ள இடைவெளி முழுவதும், வெற்று அறைகளை எண்ணியதால் வந்தது. ஒரு விடை சரியானதா என்பதோடு, அதுவே மிகச் சிறியதா என்றும் கேட்க வேண்டும் என்பதற்கு இது சான்று. அதைத் தெரிந்துகொள்ளும் வழியும் இதுவே: விடையைவிட ஒன்று குறைவான எண்ணிக்கையில் பொருத்தம் இல்லாத ஒரு கூட்டத்தைக் கட்டிக் காட்ட வேண்டும்.

இனி, சீமாட்டியின் ஐயத்துக்கு அண்மைக்கால நிகழ்வு ஒன்று தந்த விடையைக் காணலாம். கணினிக் கோப்புகளின் நம்பகத்தை உறுதிசெய்ய, எவ்வளவு பெரிய கோப்பையும் ஒரு நிலையான நீளமுள்ள சுருக்கக் குறியீடாக மாற்றும் முறைகள் உள்ளன. அமெரிக்கத் தர நிறுவனம் 1995இல் வெளியிட்ட எஸ்எச்ஏ-1 என்னும் முறை 160 பிட் நீளமுள்ள குறியீட்டைத் தரும். ஆகவே அறைகள் 2^160. கோப்புகளுக்கோ வரம்பே இல்லை. எனவே ஒரே குறியீடு கொண்ட இரு வேறு கோப்புகள் இருந்தே தீரும் என்பது அம்முறை வெளியான அன்றே எல்லோருக்கும் தெரியும். ஆனால் அத்தகைய ஓர் இணையை எவரும் கண்டதில்லை. காணவியலாது என்னும் நம்பிக்கையின் மேல்தான் கையொப்பங்களும் சான்றிதழ்களும் நின்றன.

2017 பிப்ரவரியில், ஆம்ஸ்டர்டாமில் உள்ள கணித, கணினியியல் ஆய்வு நிறுவனமும் கூகுள் நிறுவனமும் ஒரே எஸ்எச்ஏ-1 குறியீடு கொண்ட இரண்டு பிடிஎஃப் கோப்புகளை வெளியிட்டன. பிறந்த மாதப் புதிரில் கண்ட அதே மூன்று நிலைகள் இங்கும் உண்டு. உறுதி வேண்டின் 2^160 + 1 கோப்புகள். எவராலும் அத்தனையைத் திரட்ட இயலாது. குருட்டுவாக்கில் தேடி, பொருந்தும் வாய்ப்புக் கணிசமாக அமைய வேண்டின் ஏறத்தாழ 2^80. பதின்மூவருக்குப் பதில் ஐவர் போதும் என்பதைப் போன்றது இது. அம்முறையின் உட்கட்டமைப்பில் உள்ள குறைகளைப் பயன்படுத்தியதால் ஆய்வாளர்களுக்குத் தேவைப்பட்டது ஏறத்தாழ 2^63 கணக்கீடுகள். இருப்பு 1995இலேயே உறுதி. கண்டெடுக்க 22 ஆண்டுகள் ஆயின.

அந்த 22 ஆண்டுகளில் உலகம் எஸ்எச்ஏ-1ஐ நம்பியது அறியாமையால் அன்று. நிக்கோலின் வாதம் சரி என்று ஏற்றுக்கொண்டே, சீமாட்டியின் கேள்விக்கு எவரும் விடை காண மாட்டார்கள் என்று எதிர்பார்த்தது. பாரிஸில் ஒத்த முடியெண்ணிக்கை உடைய இருவர் இருந்தனர் என்பதில் ஐயமில்லை. அவர்களை எவரும் சந்தித்து அறிமுகப்படுத்தியதும் இல்லை. எண்ணாமல் தெரிந்துகொள்ளக்கூடியது எதுவோ அதை நிக்கோல் சொல்லிவிட்டார். எண்ணினால் மட்டுமே தெரியக்கூடியது எதுவோ அதைச் சீமாட்டி கேட்டார். இருவர் பேசியதும் ஒரே செய்தியைப் பற்றி என்று கொள்வதே தவறு.